பதினோரு நாள் படித்த கல்லூரி

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரான்ஸ்பார்மர் செய்து முடித்ததும் கடைசியாகச் சோதனைப் பிரிவுக்கு வரும். அங்கே அவள் மீட்டரை வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ முடித்தவள். அவள் எடுக்கிற அளவுகளை வைத்து அறிக்கை எழுதுவாள். ஆனால் கீழே கையெழுத்துப் போடுவது யாராவது ஒரு இன்ஜினியர். சில சமயம் அந்த இன்ஜினியருக்கு எந்த மீட்டரில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அவளாக இருக்கும்.

அந்த வருடம் ஊருக்குள் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில், வேலை பார்ப்பவர்களுக்கென்று மாலை வகுப்பு தொடங்கினார்கள். டிப்ளமோ முடித்தவர்கள் முதலாண்டு படிக்க வேண்டாம், நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிடலாம். மேனேஜரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அனுபவச் சான்றும், ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் அவரே கையோடு அடித்துக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது, தையல்கடை வைத்திருந்த அவள் கணவன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "சேர்ந்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

யோசிக்க இருந்தது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அட்மிஷன் ஆபீஸில் நீளமான மேஜை. ஒரு பக்கம் நாற்காலிகள், மறுபக்கம் சான்றிதழ் சரிபார்க்கிற அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர். பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி டிக் போட்டுக்கொண்டே வந்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். டிப்ளமோவின் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட். டிப்ளமோ சான்றிதழ். வேலை அனுபவச் சான்று. கம்பெனிக் கடிதம்.

"டிசி?"

அவள் ஜெராக்ஸை நீட்டினாள்.

"இது ஜெராக்ஸ். ஒரிஜினல் எங்கம்மா?"

"வீடு மாத்தும்போது தொலைஞ்சுபோச்சு மேடம்."

அந்த அம்மாள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் மங்கலான ஊதா நிறத்தில் ஒரு முத்திரை. வேறொரு கல்லூரியின் பெயர், ஒரு சேர்க்கை எண், ஒரு தேதி.

"நீங்க ஏற்கெனவே ஒரு இடத்துல டைரக்ட் செகண்ட் இயர் சேர்ந்திருக்கீங்களே. மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு சீல் குத்தித் திருப்பிக் குடுத்திருக்காங்க. டிசியை மட்டும் அவங்க வச்சுக்குவாங்க. எங்கயும் தொலையல, அங்கதான் இருக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"பாலிடெக்னிக் டிசி இப்ப எனக்கு உதவாதும்மா," என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "கடைசியா படிச்ச இடம் எதுவோ அந்த இடத்து டிசிதான் வேணும். அங்க பேர் இருக்கிறவரைக்கும் இங்க சேர்க்க முடியாது. பத்து நாள் டைம் தரேன். உறுதிமொழி எழுதிக் குடுங்க. அதுக்குள்ள வந்துடணும்."

எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அவன் படியிறங்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். பிறகு கேட்டான்.

"எத்தனை நாள் போன?"

"பதினோரு நாள்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பதினோரு நாள் படிச்சதைப் போய் என்னன்னு சொல்றது?"

அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது அவன் வண்டியை உதைத்த உதையிலேயே தெரிந்தது. மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவனே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அந்தப் பழைய கல்லூரி ஒன்றரை மணி நேரத் தொலைவு. பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்க் தாண்டியதும், தலையைத் திருப்பாமல் கேட்டான்:

"எப்படி இருந்துச்சு அந்தப் பதினோரு நாள்?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி, சொல்லத் தொடங்கினாள்.

டிப்ளமோக்காரர்களுக்குச் சேர்க்கை முடியத் தாமதமாகும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் ஒரு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள். முன் வரிசையெல்லாம் அவர்கள் பட்டா. டிப்ளமோவிலிருந்து வந்த ஆறு பேருக்கும் கடைசி பெஞ்ச். பெயர் கேட்பதற்கு முன்பே 'நேரடி' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். நேரடி நோட்டைக் குடு, நேரடி தள்ளி உக்காரு. கணக்கு வாத்தியார் போர்டில் எழுதியது ஆறு பேருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதற்கு முந்தைய கணக்கெல்லாம் முதலாண்டில் நடத்தியது. அந்த முதலாண்டைத்தானே இவர்கள் தாண்டிக் குதித்து வந்திருந்தார்கள்.

"ஆனா லேப்ல பாக்கணுமே!" என்றாள். ஐந்தாவது நாள், மோட்டார் லேப். முன் வரிசைக்காரர்கள் வயரைப் பாம்பைத் தொடுவதுபோல் தொட்டார்கள். அவள் ஒரே மூச்சில் இணைப்புக் கொடுத்து, சுவிட்சைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டாள். லேப் முழுக்க அவள் மேஜையைச் சுற்றி நின்றது. அன்று மாலை கணக்கு நோட்டைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள் முன் வரிசைக்காரி ஒருத்தி. அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததுகூடத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கிரேன் ஓட்டுநரான அப்பா கிரேன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பு. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. தம்பி அப்போது ஏழாவது. ஒரு மாதத்துக்குள் அவள் தொழிற்சாலை வாசலில் நின்றாள்.

"காலேஜுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லல. லீவு லெட்டர்கூட எழுதல. எழுதினா, முடிஞ்சுபோச்சுன்னு ஆகிடும்ல."

 அவன் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

கல்லூரி மாறித்தான் இருந்தது. வாசலில் புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு. ஆனால் மோட்டார் லேப் அதே இடத்தில். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அதே பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு மேஜைகள். உள்ளே யாருமில்லை. எண்ணெயும் சூடான வார்னிஷும் கலந்த வாசனை. தொழிற்சாலையில் தினமும் மூக்கில் ஏறுகிற வாசனைதான், ஆனால் இங்கே அவள் அதை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டாள்.

ஆபீஸ் சூப்பிரண்டு தேதியைக் கேட்டுவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டை இறக்கினார். தூசியைத் தட்டி, விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். அவள் பெயர் இருந்தது. நேர் எதிரே சிவப்பு மையில், 'நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கம்.'

"பேர் எடுத்தாச்சே, அப்புறம் என்னங்க, டிசி குடுத்துடலாமே?" என்றான் கணவன்.

"குடுக்கலாம் சார். யாரும் வந்து கேக்கலையே! ஃபைல் அப்படியே இருக்கு." அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "நோ டியூஸ், பாக்கி எதுவும் இல்லன்னு. லேப், ஹாஸ்டல், லைப்ரரி, மூணு கையெழுத்து. வாங்கிட்டு வாங்க."

லேபில் உடைத்தது எதுவும் இல்லை, ஹாஸ்டலில் இருந்ததே இல்லை. இரண்டு கையெழுத்தும் மளமளவென்று விழுந்தன. நூலகர் மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்து, பிறகு ஒரு பழைய நோட்டைப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"ஒரு புக் திரும்பி வரலம்மா. மின்சுற்று பத்தினது. நீல அட்டை, தடியா இருக்கும்."

அவளுக்கு ஞாபகமே இல்லை. கணவன்தான் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நீல அட்டையா? அடக் கடவுளே! என் மிஷின் காலுக்கு அடியில இருக்கே!"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பெட்டியில் கிடந்த தடிப் புத்தகம். தையல் மிஷினின் ஒரு கால் ஆடியதால் அவன் முட்டுக் கொடுத்திருந்தான். எட்டு வருடம். எத்தனை சட்டை, எத்தனை பாவாடை அதன் தலைமேல் தைத்திருப்பான் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நூலகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டுவந்து குடுங்க. கிழியாம இருந்தாச் சரி," என்றார்.

மறுநாளும் கடைக்குப் பூட்டு. புத்தகத்தின் அட்டையில் மிஷின் காலின் வட்டத் தடம் அழுந்திப் பதிந்திருந்தது. உள்ளே ஒரு பக்கமும் கிழியவில்லை. நடுவில் ஒரு காகிதம். அவளுடைய அன்றைய கையெழுத்தில், பாதியில் நிற்கிற ஒரு கணக்கு. அவள் அதை மட்டும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சூப்பிரண்டு கோப்பிலிருந்து பாலிடெக்னிக் டிசியின் ஒரிஜினலை எடுத்துக் காட்டினார். ஓரம் பழுத்திருந்தது. "இது எங்க ரெக்கார்டுலயே இருக்கும். இதோட நகல்ல சான்றொப்பம் போட்டுத் தரேன். உங்களுக்கு வேண்டியது எங்க டிசி," என்று எழுதத் தொடங்கினார். வெளியேறிய காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னம்மா போடட்டும்? 'படிப்பை இடையில் நிறுத்தினார்'னு போடட்டுமா?"

"போடுங்க சார். நடந்தது அதுதானே."

நடத்தை என்ற இடத்தில் அவர் யோசிக்காமல் 'நன்று' என்று எழுதினார். பதினோரு நாளில் என்ன கெட்டது செய்திருக்க முடியும்!

மூன்றாம் நாளே அட்மிஷன் ஆபீஸில் டிசி போய்ச் சேர்ந்தது. கண்ணாடி அம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசி டிக்கையும் போட்டார். "இப்பத்தாம்மா ஃபைல் நிறைஞ்சுது," என்றார்.

மாலை வகுப்பில் முன் வரிசை, பின் வரிசை என்றெல்லாம் இல்லை. எல்லோரும் வேலை முடித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிவந்தவர்கள். எல்லோருமே டிப்ளமோக்காரர்கள். எல்லோருக்கும் கணக்கு பூச்சாண்டி. அவளுக்கு முதல் செமஸ்டரில் கணக்கு போய்விட்டது. இரண்டாம் தடவையும் நாலு மார்க்கில் போனது. பள்ளிக்கூடம் போகும் மகள் வாய்ப்பாடு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தன் கணக்கைப் போட்டாள். மூன்றாம் தடவை ரிசல்ட் வந்த அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். போனில் பார்த்துவிட்டுக் கணவனை அழைத்தாள். கடையில் மிஷின் ஓடுகிற சத்தம்.

"என்னங்க, கணக்கு பாஸ்!"

"என்ன? யாரு பாஸ்?"

"கணக்குல பாஸுங்க!"

"கேக்கல, சத்தமா சொல்லு!"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, நிறுத்தமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.