தேதி சிஸ்டரிடம் இல்லாத தேதி

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பேர் தேதி சிஸ்டர். பதினாலு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக வந்தவள். உறுப்புக் கொடுத்த குடும்பமும் அதைப் பெற்றவரும் ஒருவரையொருவர் பார்க்க ஆசைப்பட்டால், இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நாள் குறித்து, கூட இருந்து பார்த்துக்கொள்வதும் அவள் வேலைதான். எந்த நாளைக் கேட்டாலும் டைரியைப் பார்க்காமல் சொல்லுவாள். புத்தகம் பைண்டிங் செய்யும் அவள் கணவர், "ஊர் முழுக்க நாள் குறிக்கிறே, என்னோட சினிமாவுக்கு வர ஒரு நாள் கிடைக்கலியே" என்று இரண்டு வருஷமாக ஒரே கிண்டலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சந்திப்பு இருந்தது. வருகிறவர் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் ஒரு அம்மா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவருடைய ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயதில், வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மூளையில் ரத்தம் கசிந்து விழுந்துவிட்டான். மூளைச்சாவு என்று டாக்டர்கள் உறுதிசெய்த பிறகு, அந்த அம்மா யாரையும் கலந்துகொள்ளாமல் "எடுத்துக்கோங்க" என்றார். எதிர்ப்பக்கம், அவன் சிறுநீரகத்தைப் பெற்ற ஒரு டிராயிங் டீச்சர். முப்பத்தொரு வயது. ஒரு வருஷத்துக்கு மேல் இருவரும் பேரும் ஊரும் இல்லாத கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சிஸ்டர்தான் படித்து, அடையாளம் தெரிகிற வரிகளை அடித்துவிட்டு அனுப்புவாள். கடைசியில் இரண்டு பக்கமும் பார்க்கலாம் என்றார்கள்.

காலை எட்டே முக்காலுக்கு வார்டிலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், உங்க டிராயிங் டீச்சர் ராத்திரி அட்மிட் ஆயிட்டாங்க. காய்ச்சல். யூரின் குறைஞ்சு போச்சு. கிரியாட்டினின் நாலைத் தாண்டிருச்சு. பயாப்சிக்கு எழுதியாச்சு."

அந்த எண் ஏறினால், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். போன மாதம்தான் ஒன்று புள்ளி இரண்டு என்று பார்த்து, சிஸ்டர் தன் கையால் கோப்பில் எழுதியிருந்தாள். உடல் அந்தச் சிறுநீரகத்தை வேண்டாம் என்று தள்ளப் பார்க்கிறது என்பதற்கு அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வார்டுக்கு ஓடினாள். டீச்சர் முகம் வீங்கி, கண் இடுங்கிப் படுத்திருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்ககிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். பிள்ளை குடுத்ததைக் காப்பாத்தத் தெரியாதவள்னு நினைப்பாங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னுகூடச் சொல்லாதீங்க."

"நீங்க அனுமதி குடுக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அவங்க இன்னிக்கு வர்றாங்க. நான் வெறுங்கையோட போய் நின்னா, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னுதான் எடுத்துப்பாங்க. உங்க சார்பா சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் குடுங்க. ஒண்ணு போதும்."

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "பார்க்கணும்ங்கிற ஆசை மாறலன்னு சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க."

சிஸ்டர் அதைக் கையில் இருந்த சீட்டில் எழுதிக்கொண்டாள். படியிறங்கும்போதே அந்த அம்மாவுக்குப் போன் செய்தாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் பிடித்துவிட்டால், வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"வந்துட்டேன் சிஸ்டர்!" என்றது குரல். "எட்டு மணிக்கே வந்துட்டேன். தூக்கம் வரல. கேட் பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

சிஸ்டர் கேட்டை நோக்கி நடந்தாள்.

சந்திப்புக்கென்று வைத்திருந்த அறை, வார்டிலிருந்து முற்றம் தாண்டி, நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. அந்த அம்மாவை அங்கே அழைத்துப் போய் உட்கார வைத்தாள். இஸ்திரி போட்ட புடவை, புதுச் செருப்பு, மடியில் ஒரு துணிப்பை. எதிரே இருந்த காலி நாற்காலியை அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

சிஸ்டருக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது பழைய தப்பு ஒன்று. ஒருங்கிணைப்பாளராக வந்த முதல் வருஷத்தில், இதேபோல் ஒரு தகப்பனாரிடம், மனசு கேட்காமல், "அடுத்த மாசம் முதல் வாரம் கண்டிப்பா" என்று சொல்லிவிட்டாள். அது நடக்கவில்லை. இன்னொரு தேதி சொன்னாள். அதுவும் போயிற்று. மூன்றாவது தேதிக்குப் பிறகு அந்த மனிதர் போனையே எடுக்கவில்லை. ஒரு சந்திப்பு நடக்காததை அவர் தாங்கியிருப்பார். மூன்று தடவை நடக்காமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

"அம்மா," என்று ஆரம்பித்தாள். "இன்னிக்குச் சந்திப்பு நடக்காது."

அந்த அம்மாவின் கை பையின் வாயைப் பிடித்தபடி நின்றுவிட்டது. காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப நாளைக்கா?"

"இல்லம்மா. எப்பன்னு எனக்குத் தெரியாது. இல்லாத தேதியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காரணத்தையும் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? போன கடிதத்துல அவன் குறட்டை விடுறதைப் பத்தி எழுதினேனே, அதுவா?"

"ஐயோ, இல்லம்மா. நீங்க செஞ்சது எதுவும் இல்ல." சீட்டைப் பார்க்காமலே சொன்னாள்: "அவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. 'பார்க்கணும்ங்கிற ஆசை மாறல'. இதை இன்னிக்குக் காலைல என்கிட்ட சொன்னாங்க."

அந்த அம்மா நிமிர்ந்தார். "இன்னிக்குக் காலைலயா?"

"ஆமா. இன்னிக்குக் காலைல."

அவர் கேட்க நினைத்தது, அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் என்பது சிஸ்டருக்குத் தெரியும். அதற்கு அவர் பதிலையும் எடுத்துக்கொண்டுவிட்டார். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அந்த அம்மா அழுது முடித்த பிறகு சிஸ்டர் சொன்னாள்: "ஒவ்வொரு மாசமும் முதல் திங்கக்கிழமை சாயங்காலம் நான் உங்களைக் கூப்பிடறேன். சேதி இருந்தாலும் கூப்பிடுவேன், இல்லாட்டியும் கூப்பிடுவேன். நீங்க இதுக்காக லீவு எடுக்க வேண்டாம், எதையும் ஒத்திப்போட வேண்டாம். எப்பவாவது வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, ஏன்னு கேக்க மாட்டேன். கடிதம் எழுதணும்னா எழுதுங்க, நான் சேர்த்துடறேன்."

"அவங்களுக்குன்னு பையில கொண்டுவந்ததைக் குடுத்துட்டுப் போகலாமா?"

"அது நீங்க கையால குடுக்க வேண்டியது. உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தாள். பஸ் போன பிறகு, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிள்ளை இனிப் பிழைக்க மாட்டான் என்று இந்த அம்மாவுக்குச் சொன்னதும் அவள்தான். அவனுடைய சிறுநீரகமும் போய்விட்டது என்று இரண்டாம் தடவையும் சேதி சொல்ல வேண்டி வருமோ என்று நினைத்தாள்.

பயாப்சியில் சந்தேகப்பட்டதுதான் வந்தது. மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு போட்டார்கள். உடம்பு அதற்குக் கேட்கவில்லை. அதைவிடக் கடுமையான மருந்துக்குப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து, எண் மெல்ல இறங்கி, இரண்டு புள்ளி ஒன்றில் நின்றது. சிறுநீரகம் பிழைத்தது, பழைய தெம்பு இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போனாள். சந்திப்பைப் பற்றிக் கேட்டால், "இப்ப வேண்டாம் சிஸ்டர், திரும்பவும் ஏதாவது ஆயிட்டா?" என்பாள். சிஸ்டர் வற்புறுத்தவில்லை.

முதல் திங்கட்கிழமை கூப்பிட்டாள். "சேதி ஏதும் இல்லம்மா. சொன்னபடி கூப்பிட்டேன்." அந்தப் பக்கம், "சரி" என்று ஒரே வார்த்தை. இரண்டாம் மாதம், தொழிற்சாலையில் புது வெட்டு மெஷின் வந்திருப்பதையும், அது தன்னைவிட நேராக வெட்டுவதையும், அதன் மேல் தனக்கு இருக்கும் பொறாமையையும் அந்த அம்மா பத்து நிமிஷம் சொன்னார். மூன்றாம் மாதம் எடுக்கவில்லை. சிஸ்டர் மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். நாலாம் மாதம் எடுத்து, "போன தடவை எடுக்கப் பிடிக்கல" என்றார். "எடுக்காம இருக்கலாம்மா, அதுக்கென்ன" என்றாள் சிஸ்டர். அதற்கப்புறம் பேச்சு லேசாகிவிட்டது. சந்திப்பைப் பற்றி இருவரும் வாய் திறப்பதே இல்லை.

எட்டாம் மாதம் டீச்சர் தானே ஆபீசுக்கு வந்தாள். கன்னத்தில் சதை வந்திருந்தது. "சிஸ்டர், நான் தயார். நடந்ததை நானே அவங்ககிட்ட சொல்றேன். மறைச்சதுதான் உறுத்துது."

திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல், சிஸ்டர் வெள்ளிக்கிழமையே அந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, சேதி இருக்கு. அவங்க தயாரா இருக்காங்க. உங்களுக்கு எந்த நாள் தோதுன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். அந்த அம்மா தனியாக வந்து பேசினார்.

"சிஸ்டர், நான் இப்ப வர முடியாது."

சிஸ்டர் திகைத்துப்போனாள். இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. எட்டு மாதமாக, தயங்குவது டீச்சர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்க மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தானாகவே சொன்னார். "அன்னிக்கு வந்தப்ப, பார்த்துட்டா மனசு ஆறிடும்னு வந்தேன். இந்த எட்டு மாசத்துல என்ன ஆச்சுன்னா, பார்க்கப்போறோம்ங்கிறதுலதான் நான் எழுந்திரிச்சு வேலைக்குப் போறேன். பார்த்துட்டா, அப்புறம் அவனைப் பத்தி எனக்கு எதிர்பார்க்க என்ன இருக்கு? எப்ப வருவேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

"கேக்க மாட்டேம்மா." சிஸ்டர் ஒரு சீட்டை இழுத்தாள். "அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்? ஒரு வாக்கியம் குடுங்க."

அந்த அம்மா அதிகம் யோசிக்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க. அவசரமே இல்லன்னு சொல்லுங்க. நான் எங்கயும் போகலன்னு சொல்லுங்க."

"அது மூணு வாக்கியம்."

"மூணையும் சொல்லுங்க," என்றார் அவர். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சிஸ்டர் அன்றைக்கே டீச்சரின் வீட்டுக்குப் போனாள். போனில் சொல்லும் சேதியில்லை என்று பட்டது. டீச்சர் கேட்டதும் வெளுத்துப்போய், சுவரில் சாய்ந்தாள். "என் மேல கோபமா?" என்றாள், அந்த அம்மா அன்று கேட்ட அதே பயத்தோடு. சிஸ்டர் மூன்று வாக்கியத்தையும் எழுதியிருந்தபடியே படித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள் டீச்சர். பிறகு சீட்டையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது முதல் திங்கட்கிழமைகளில் சிஸ்டருக்கு இரண்டு போன். முதலில் துணி வெட்டும் அம்மா, அப்புறம் டிராயிங் டீச்சர். தன் உடம்புக்கு நேர்ந்ததை டீச்சர் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் ஆறு பக்கம் வந்தது. அடிக்க வேண்டிய வரி அதில் ஒன்றுகூட இல்லை. கோப்பில் சந்திப்புத் தேதி என்ற கட்டம் மட்டும் காலியாகவே இருக்கிறது. மேலதிகாரி ஒரு தடவை, "இந்தக் கோப்பை முடிச்சுடலாமே" என்றார்.

"முடிக்கக் கூடாது சார்," என்றாள் அவள். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க."