காக்காவின் இஃதிகாப்

அந்த ரமழானில் எனக்கு ஒன்பது வயது. முதல் தடவையாக நோன்பு பிடிக்கத் தொடங்கி அதுவரை வந்த இருபதையும் விடாமல் பிடித்திருந்தேன். யாருக்காவது அது பெரிதாகப் பட்டதா? எங்கள் வீட்டில் அப்போது ஒரே பேச்சு, காக்கா பள்ளிவாசலில் இஃதிகாப் இருக்கப் போகிறான் என்பதுதான். காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனுக்குப் பதின்மூன்று வயது.

இருபதாம் நோன்பன்று மஃரிப் தொழுகைக்கு முன்னால் வாப்பா அவனைக் கூட்டிப்போனார். பாய், தலையணை, மாற்றுச் சாரன், குர்ஆன். பள்ளியின் மூலையில் வெள்ளைச் சீலை கட்டி இடம் ஒதுக்கியிருந்தார்கள். பெருநாள் பிறை தெரியும்வரை, கடைசிப் பத்து நாளும் அங்கேதான் தொழுகை, ஓதல், திக்ர், தூக்கம். வீண் பேச்சு கூடாது. ஒதுங்கவும், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யவும் மட்டும் வெளியே வரலாம். நோயாளியைப் பார்க்கப் போனாலும் இஃதிகாப் முறிந்துவிடும் என்று தொழுகை நடத்தும் லெப்பை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை வாப்பா வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

விடியுமுன் சாப்பிடும் சஹருக்கான சோற்றை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதில் தினமும் ஒரு பொரித்த முட்டை. பங்கீட்டுக் கூப்பனில் கிடைத்த சீனியெல்லாம் அவனுடைய வட்டிலாப்பத்துக்கே போனது. என் நோன்புக்கு யார் முட்டை பொரித்தார்கள்? எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நான்காம் நாள் வாசலில் நின்று, அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"உம்மாவுக்கு சொகமில்ல. ஒன்னத் தேடுறாங்க."

சீலைக்குப் பின்னாலிருந்து வந்தவன் முகம் வெளுத்துப்போனது. "மிச்சம் கடுமையா?" என்று கேட்டான். தலையாட்டினேன். படியில் ஒரு கணம் நின்றான். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினான். நான் சாவகாசமாகப் பின்னால் நடந்தேன்.

வீட்டில் உம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்துப் பதறி, ஏன் பள்ளியை விட்டு வந்தாய் என்று கேட்டார். அவன் உம்மாவைப் பார்த்தான். அதற்குள் வாசலுக்கு வந்து சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற என்னைப் பார்த்தான்.

"உங்களப் பாக்கணும் போல இருந்திச்சும்மா."

வாப்பா வந்து, நாலு நாள் தாங்காதவனுக்கு எதற்கு இஃதிகாப் என்று ஊர் கேட்கத் திட்டினார். அவன் குனிந்த தலையோடு திரும்பிப் போனான். மனதில் உறுதியாக வைத்த நிய்யத்து முறிந்துவிட்டது, புதிதாக நிய்யத்து வைத்து மீதி நாட்கள் இரு என்றாராம் லெப்பை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகுமுன் உம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். என்னை அப்படி அணைத்து எத்தனை நாள்! தோற்றுப்போயும் உம்மாவைப் பறித்துக்கொண்டானே என்று அன்றிரவு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பத்து நாள் இஃதிகாபை இழந்து நின்று, நோன்பு வாயால் அவன் சொன்ன அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்பது மட்டும் அன்று எனக்குத் தோன்றவேயில்லை.