மெஷின் என்பர்

எங்கள் பள்ளிக்கு ஆசிரியப் பயிற்சிக்கு வந்த போலகம் ஊர்ப் பெண் தன் முதல் பாடத்திட்டத்தை என் மேசையில் வைத்தாள். முத்துமுத்தான கையெழுத்து. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. ஆறாம் வகுப்பு அறிவியல், பொருள்களைப் பிரித்தல். ஒரு பக்கம் ஆசிரியர் கேள்வி, எதிரே மாணவர் பதில். "நெல்லையும் பதரையும் எப்படிப் பிரிப்பர்?" "தூற்றிப் பிரிப்பர்." எல்லாப் பதிலும் சரி. அப்படி ஒரு வகுப்பை நான் கண்டதே இல்லை. போன வருடம் பயிற்சி முடித்த அக்காக்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை அவளுடைய பயிற்சிக் கல்லூரி மேடம் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். சொதப்பினால் போச்சு. நேரில் சொன்னால் ஆசிரியர் அறையிலேயே அழுதுவிடுவாள் என்று கடிதமாக எழுதி வைத்தேன்.

"கரும்பலகைச் சுருக்கம் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். 'மாணவர் அறிந்துகொள்வர்' என்கிறீர்கள். அறிந்தார்களா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 'பிரித்துக் காட்டுவர்' என்று எழுதுங்கள். தூற்றல், சலித்தல், தெளியவைத்தல், வடிகட்டல் நான்கையும் ஒரே பீரியடில் அடைக்க வேண்டாம். முதல் இரண்டு போதும். பதர் கலந்த நெல் கொஞ்சம் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் வேறு மாதிரி பதில் சொன்னால் என்ன செய்வீர்கள்? இங்கே அறுப்பு மெஷின்தான் எல்லாம் செய்கிறது. 'மெஷின்' என்பார்கள். அதற்குள் பதர் எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள்."

மறுநாள் எல்லாவற்றையும் திருத்திக் கொண்டுவந்தாள். மாணவர் பதிலில் இப்போது, "மெஷின் என்பர்."

"என்னம்மா இது?"

"நீங்கதானே மிஸ் எழுதியிருந்தீங்க?"

தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை நெல்லையும் பதரையும் பிரிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். முன்பெஞ்சுச் சிறுமி எழுந்து, "எங்கம்மா மொறத்துல பொடைப்பாங்க மிஸ்" என்றாள். திட்டத்தில் இல்லாத பதில். பயிற்சிப் பெண் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போய் நானே நடத்தியிருப்பேன். மேடம் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு அவள் திட்டத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பரீட்சை அட்டையில் நெல்லைக் கொட்டிச் சிறுமியிடம் நீட்டி, "எங்க, பொடைச்சுக் காட்டு" என்றாள். பதர் இரண்டாம் வரிசை வரை பறந்தது. வகுப்பே எழுந்துவிட்டது.

"பதர் மட்டும் ஏன் பறக்குது?"

"அதுல கனம் இல்ல மிஸ்!"

பெல் அடித்ததும் மேடம் எங்களிடம் வந்தார்.

"கிளாஸ் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிளான்ல இல்லாததை நடத்திட்டாங்களே, நான் எப்படி மார்க் போடறது?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"குறைச்சுக்குங்க மேடம். அந்தப் புள்ள சொன்னதைத் தப்புன்னு என்னால சொல்லிருக்க முடியாது."

மேடம் என்னைப் பார்த்தார். அத்தனை திருத்தம் எழுதிய நான், கவிழ்ந்து கிடந்த திட்டத்தை எடுத்து, 'மெஷின் என்பர்' என்பதன் கீழே 'முறத்தில் புடைப்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.