கல்யாணம் ஆனால் வேலை போகும், பாண்டு நிற்கும்

காரைக்குடிக்கு வெளியே இருந்த ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நானும் என் தோழியும் ஒரு வருஷம் டிரெயினியாக இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. இருவரும் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள். அந்தக் கம்பெனியில் பெண்கள் என்று இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

பயிற்சி முடியப்போகிற வாரத்தில் பர்சனல் ஆபீசர் எங்களை அழைத்து ஆளுக்கொரு கவர் கொடுத்தார். வேலை நியமன உத்தரவு. கூடவே, குறித்த காலம்வரை விலக மாட்டேன் என்று உறுதி தரும், முத்திரைத்தாளில் அடித்த ஒரு பாண்டு. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு, டிகிரி சர்டிபிகேட்டின் அசலோடு கொண்டுவந்து தர வேண்டும் என்றார்.

தோழி வராண்டாவிலேயே கவரைப் பிரித்துவிட்டாள். "மாசம் முந்நூத்தி இருபதுடி!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கும் சந்தோஷம்தான். சிங்கம்புணரிப் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையின் லேபிலிருந்தும் எனக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. அதில் இருநூற்று எழுபதுதான். அதை அப்பாவிடம் கூடச் சரியாகச் சொல்லவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி உத்தரவையும் என் பையிலிருந்த எண்ணெய் ஆலை உத்தரவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

கம்பெனி கொடுத்த முந்நூற்று இருபதில் அடிப்படைச் சம்பளம் பாதிகூட இல்லை. பஞ்சப்படி கொஞ்சம். மீதியெல்லாம் 'சிறப்புப் படி'. நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று கீழே எழுதியிருந்தது. பிராவிடண்ட் பண்டும் போனஸும் அடிப்படைக்கும் பஞ்சப்படிக்கும்தான் கணக்கு. எண்ணெய் ஆலையின் இருநூற்று எழுபது முழுக்க முழுக்க அடிப்படையும் பஞ்சப்படியும். கைக்கு வருவது குறைவு, ஆனால் யாரும் பிடுங்க முடியாத பணம்.

"அதை விடுடி. கைக்கு வர்றதைப் பாரு" என்றாள் தோழி.

அதை விட்டுவிடலாம். தகுதிகாண் பருவம் பற்றிய பத்தியை என்னால் விட முடியவில்லை. ஒரு வருஷம், நிர்வாகம் விரும்பினால் நீட்டிக்கலாம், எவ்வளவு நாள் என்று வரையறை இல்லை. அந்தக் காலத்தில் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடலாம். பாண்டு மூன்று வருஷம். அது வேலை நிரந்தரமான தேதியிலிருந்துதான் எண்ணப்படும். அதற்கு முன்னால் விலகினாலும் பயிற்சிச் செலவு என்று ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகை என் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். நிரந்தரமாக்காமலே இழுத்துக்கொண்டு போனால் அந்த மூன்று வருஷம் தொடங்கவே தொடங்காது.

பிறகு தோழியே ஒரு வரியில் விரலை வைத்தாள். பெண் ஊழியர்களுக்குத் திருமணம் ஆனால் அன்றோடு வேலை முடிந்துவிடும்.

"அப்போ கல்யாணம் ஆனா வேலையும் போகும், பாண்டுப் பணமும் கட்டணுமா?" என்று கேட்டேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் அமராவதிபுதூர் போகும்வரை கவரை மடியில் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்பா தச்சாசாரி, அப்போது கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பாண்டுக்கு ஜாமீன் போடுபவருக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும், வரி ரசீது காட்ட வேண்டும். அப்பா அதைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து ரசீதை எடுத்து வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

"எங்குட்டு ஆத்தா போடணும்?"

அவர் தன் கையால் இழைத்து மாட்டிய கதவும் நிலையும் அந்த வீட்டில் இருந்தன. "போடாதீகப்பா, இருங்க" என்றேன். "நான் இன்னொரு தடவை கேட்டுட்டு வர்றேன்."

"கேட்டா வேலையைக் கொடுக்காமப் போயிட்டாகன்னா?"

அந்தப் பயமும்தான் இருந்தது. அம்மா மட்டும், "கேட்டதுக்கே கோவிக்கிற ஆளுககிட்ட மூணு வருசம் எப்புடி இருப்ப?" என்றாள்.

மறுநாள் பர்சனல் ஆபீசர் அறை வாசலில் நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். தோழி வர மறுத்துவிட்டாள். உள்ளே போய், எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமலே கேட்டேன்.

"சார், கம்பெனியே நிறுத்தினா பாண்டுப் பணம் கட்ட வேண்டியதில்லைதானே?"

"வேண்டியதில்லை. நீங்களா போனாத்தான்."

"கல்யாணம் ஆனா?"

அவர் மெட்ராஸ்காரர். மரியாதையாகவே பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கல்யாணம் நீங்க எடுக்கிற முடிவும்மா. கம்பெனி பண்ணி வைக்கலையே" என்றார்.

அவர் மிரட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்.

"சார், கல்யாணத்தால வேலை முடிஞ்சா பாண்டு பொருந்தாதுன்னு ஒரு வரி எழுதித் தருவீங்களா? வேலைக்குச் சேர்ற தேதியிலிருந்து பாண்டைக் கணக்கு வைப்பீங்களா?"

"இது ஹெட் ஆபீஸ் ஃபாரம். ஒரு எழுத்து மாத்த முடியாது. நாங்க யார்கிட்டயும் அப்படி வசூல் பண்ணினதில்லை. நம்பிக்கை வேணும்."

"வசூல் பண்ண மாட்டீங்கன்னா அதை எழுதுறதுல என்ன சார்?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் பயந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "திங்கட்கிழமை வரைக்கும் டயம் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை நான் கையெழுத்தில்லாமல் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். தோழி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டில் அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எண்ணெய் ஆலையில் தகுதிகாண் பருவம் ஆறு மாதம், அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை, பாண்டு இல்லை, விலகவோ விலக்கவோ இரு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ். சிங்கம்புணரியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். ஆறு மாதமும் பிண்ணாக்கு வாடையும் பயமும்தான். எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று சோதிக்கும்போது நிறம் மாறும் அந்த ஒரு சொட்டு தவறிவிட்டதோ என்று மறுபடியும் சோதிப்பேன். நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வந்து இதையும் இழந்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? நிரந்தர உத்தரவு வந்த அன்று கழிவறைக்குள் போய் அழுதுவிட்டுத்தான் அதைப் படித்தேன்.

தோழிக்கு ஒரு வருஷம் முடிந்ததும் தகுதிகாண் பருவத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தரம். மாப்பிள்ளை வீட்டார் இனிக் காத்திருக்க முடியாது என்றார்கள். கோவிலூர்க் கோயிலில் பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் அவளுக்குத் தாலி ஏறியது. மேளம் வைக்கவில்லை. பத்திரிகை அடிக்கவில்லை. நானும் போயிருந்தேன். பிரகாரத்தில் யார் நடந்து வந்தாலும் அவள் தலை திரும்பியது. நானும் கம்பெனி ஆள் யாராவது சாமி கும்பிட வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளில் அவள் வேலைக்குத் திரும்பினாள். தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் செருகி, சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு போவாள். மெட்டியைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருப்பாள். ஒருமுறை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன்.

"வேர்க்கலையாடி?"

"வேர்வைகூடப் பரவாயில்லைடி. குனிஞ்சு பியூரெட்டுக் குழாயைக் கழுவும்போது கயிறு வெளிய வந்துருமோன்னுதான் உசுரு போகுது."

மூன்று வருஷப் பாண்டு முடிகிறவரை அப்படியே போனாள். முடிந்த மறுநாள் நெற்றி வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு போய் ராஜினாமா கொடுத்தாளாம். பர்சனல் ஆபீசர் குங்குமத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லையாம். அவள் வயிற்றில் அப்போது நான்கு மாதம்.