காந்தலில் நின்ற விரல்

"உன் வீடியோ வந்துச்சும்மா. உன்னுதுன்னு தெரியாம தள்ளிக்கினே போயிட்டேன். அப்புறம் தேடினா காணல."

என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து போனில் இப்படிச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் என் சமையலைத் தள்ளிவிட்டுப் போகட்டும், கட்டினவர் தள்ளிவிட்டுப் போகலாமா? "ஏங்க, என் குரல் கூடவா தெரியல?" என்றேன். ரூமில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்குவார்கள், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன் என்றார். ஒரே ரூமில் ஏழெட்டுப் பேர். அங்கே ஏசி மெக்கானிக் வேலை. வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர். மாடி பாதி எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் இன்னும் வரவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்துதான் வீடியோ போடுகிறோம். அவள் என் கொழுந்தனார் பெண்டாட்டி, என்னை விடச் சின்னவள். நான் சமைப்பேன், அவள் போன் பிடிப்பாள், வெட்டி ஒட்டுவாள். நாங்கள் ஆரம்பித்ததே அவருக்காகத்தான். தினமும் போனில் "என்ன சமைச்ச?" என்று கேட்பார். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போய், எடுத்துக் காட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அனுப்பி வைத்தால் பார்ப்பார்தான். ஆனால் அனுப்பி வைத்துப் பார்ப்பது, பரிமாறியபிறகு "சாப்பிடுங்க" என்று கெஞ்சுவதைப் போல. ஆயிரம் வீடியோ நடுவில் என்னுடையது வந்தால் அவர் விரல் தானாக நிற்க வேண்டும். அதுதான் எனக்கு ஆசை.

அன்று சாயங்காலமே ஓரகத்தியிடம் சண்டை பிடித்தேன். அவள் போனில் கணக்குப் பார்க்கும் இடத்தைத் திறந்து காட்டினாள். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்று அதில் தெரியும். எங்கள் கோடு ஆரம்பத்திலேயே தலைகுப்புற விழுந்திருந்தது.

"அக்கா, நீ கையக் கூப்பி 'வணக்கம் உறவுகளே, இன்னைக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு செகண்டு போயிடுது. அதுக்குள்ள அவன் அடுத்த வீடியோவுக்குப் போயிட்டான்" என்றாள்.

"வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடாம நேரா இலை போடுவியா?"

"அவங்க வீட்டுக்கு வர்ல அக்கா. வாசல்ல போய்க்கினு இருக்காங்க."

அவள் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனாலும் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்வது என் பிறவியிலேயே கிடையாது.

நான் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். தினம் பஸ். அந்த வாரம் முழுக்க மற்றவர்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே போனேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மா, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தள்ளிக்கொண்டே வந்தார். வணக்கம் சொன்னவர்கள் எல்லாம் போனார்கள். அலங்காரம் பண்ணி வைத்த தட்டுகள் போயின. யாரோ பலாப்பழத்தைப் பாதி பிளந்திருந்தார்கள், மீதி இன்னும் பிளக்கவில்லை. விரல் நின்றது. இன்னொரு நாள் ஒரு காலேஜ் பெண், பொங்கி விளிம்புக்கு வந்த பாலில் நின்றாள். பஸ்ஸில் யாரும் சத்தத்தைக் குறைப்பதில்லை என்பதால் பேச்சும் காதில் விழுந்தது. ஆனால் விரல் நிற்பது பேச்சுக்கு முன்னாலேயே. முடிந்துபோன காரியத்தில் யாரும் நிற்கவில்லை. பாதியில் இருப்பதில்தான் நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேப்பைக் களி எடுப்பதாக முடிவானது. கருவாட்டுக் குழம்பு முதல் நாளே வைத்துவிட்டேன், ஊறினால்தான் அதற்கு ருசி. முதல் மூன்று செகண்டுக்கு என்ன எழுதுவது என்று இருவரும் உட்கார்ந்தோம். வணக்கம் கிடையாது என்று நானே சொன்னேன். ஓரகத்தி வேண்டுமென்றே காதில் விரலைவிட்டுக் குடைந்துகொண்டாள்.

"பத்தே நிமிஷத்துல களி!" என்றாள்.

"அரிசி நொய் வேகறதுக்கே அவ்ளோ நேரம் ஆவும். உங்க ஊர்ல மாவப் பச்சையா உருட்டித் தின்னுவீங்களா?"

"அப்போ, 'களி செய்யும்போது இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க!'"

"என்ன தப்பு?"

"அதான் தெரியல" என்று சிரித்தாள்.

இதற்கு முன் ஒரு தடவை கீரைக் கடைசலுக்கு அப்படித்தான் போட்டோம். எல்லோரும் நின்றார்கள். தப்பு என்னவென்று கடைசிவரை நாங்கள் சொல்லாததால், நின்ற அத்தனை பேரும் நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடாமல் அனுப்பினால் திட்டத்தான் செய்வார்கள். கமெண்டில் திட்டினார்கள். கடைசியில் "களி கட்டி தட்டுதா?" என்பதில் வந்து நின்றோம். அது நாணயமான கேள்வி. மாவைக் கொட்டியவுடனே கிளறாமல், நடுவில் குவித்து மூடி வேகவிட்டுப் பிறகு கிளறினால் கட்டி தட்டாது என்று பதிலும் வீடியோவில் இருக்கும். எழுத்தை மேல்பக்கம் வைக்க வேண்டும் என்றாள் அவள். கீழே தலைப்பு மறைக்கும், வலது ஓரத்தில் லைக் போடும் இதயம் மறைக்கும். சத்தம் அணைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த எழுத்துதான் என் வாய்.

எல்லாம் பேசியாயிற்று. எடுக்கத்தான் வரவில்லை. களி கிண்டும் துடுப்பைத் தூக்கினால் களி சரியாக நீண்டு விழ வேண்டும், அதுதான் முதல் காட்சி. முதல் தடவை ஆவி லென்சை மறைத்தது. அடுத்த தடவை என் முந்தானை குறுக்கே வந்தது. பிறகு குக்கர் விசில் அடித்தது, கொழுந்தனார் துண்டு தேடிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னொரு வாட்டி அக்கா" என்று அவள் சொல்லச் சொல்ல நான் தூக்கிக்கொண்டே இருந்தேன். அடுப்பை அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மூக்குதான் முதலில் சொன்னது.

"போச்சு, அடி பிடிச்சிடுச்சி" என்றாள்.

களியை அவசரமாக உருட்டி எடுத்தேன். மேல் களிக்குச் சேதமில்லை. பானையின் அடியில் மட்டும் கெட்டியாகக் காந்தல் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் காந்தல் அவருடையது. கல்யாணமாகி வந்த புதிதில், பானையை நான் கழுவப் போடும்போது "இரு இரு" என்று ஓடி வருவார். கரண்டியின் ஓரத்தால் சுற்றிலும் நெம்பி, கிழியாமல் முழுசாக உரித்து எடுப்பதில் அவருக்கு ஒரு கர்வம். கொஞ்சம் கருவாட்டுக் குழம்பைத் தொட்டு, அடுப்படியிலேயே நின்றபடி, நொறுக் நொறுக்கென்று தின்பார். எனக்கு ஓரத்தில் ஒரு துண்டு ஒடித்துக் கொடுப்பார். அவர் போனதிலிருந்து நான் காந்தலைச் சுரண்டுவதில்லை. பானையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிடுவேன். தானாகக் கரைந்து போகட்டும்.

அன்று ஏனோ தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டு, கரண்டியைப் பானை ஓரத்தில் செருகினேன். மெல்ல நெம்பினேன். பழுப்பும் கறுப்புமாக அது பானையைவிட்டுப் பாதி எழும்பி, சுருண்டு நின்றது. கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஞாபகம் அப்படியே வந்து அடைத்தது. அழுகை வரும்போல இருந்தது, வந்தது என்றே எழுதிவிடுகிறேன்.

"அக்கா, அசையாத. ஓடிக்கினு இருக்குது" என்றாள் பின்னாலிருந்து. போனை அவள் நிறுத்தவே இல்லை.

"இத யாராவது போடுவாங்களா? அடிப்பிடிச்ச பானையக் காட்டி மானத்த வாங்கறியா?" என்று சீறினேன்.

அவள் எடுத்ததைக் காட்டினாள். என் கையும் கரண்டியும் பாதி எழும்பிய காந்தலும் மட்டும். பஸ்ஸில் பார்த்த பலாப்பழம் எனக்கு நினைவுக்கு வந்தது. முழுசாக உரிந்து வருமா, கிழியுமா என்று எனக்கே பார்க்கத் தோன்றியது, உரித்தவள் நானாக இருந்தும்.

"என்ன எழுதலாம்?" என்றாள்.

"இது யாருக்கு?" என்றேன் நான். எனக்கு அவர் ஒருத்தரைக் கேட்டால் போதும்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க வீட்ல இது யாருக்கு?" என்று மாற்றினாள். "அப்பதான் பாக்கறவங்க அவங்கவங்க வீட்டு ஆள நெனச்சிப்பாங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் களி உருண்டையை நான் உருட்டுகிறேன், வார்த்தையை அவள் உருட்டுகிறாள், அவளவள் வேலை அவளவளுக்கு. காந்தல் உரிவதை முதலில் வைத்து, அது பாதி எழும்பும் இடத்தில் வெட்டி, பிறகு நொய் வேகவைப்பதிலிருந்து களி செய்வதைக் காட்டி, முழுசாக உரிந்து வருவதைக் கடைசியில் வைத்தாள். காட்டின பாதிக்குக் கடைசியில் மீதி வந்துவிட்டது, கேட்ட கேள்விக்குப் பதிலைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

கோடு இந்தத் தடவை விழவில்லை. "எங்க அப்பாவுக்கு", "எங்க வீட்ல சண்டையே இதுக்குத்தான்", "எனக்கு, ஆனா இப்ப ஹாஸ்டல்ல இருக்கேன்" என்று கமெண்டு வந்துகொண்டே இருந்தது. ஓரகத்தி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தாள். நான் ஒரு பெயருக்காக மட்டும் காத்திருந்தேன். அது வரவில்லை. அவருக்கு நான் அனுப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை. வந்தால் தானாக வரட்டும் என்று பிடிவாதம். வாரத்தின் நடுவில் இரண்டு தடவை பேசினார். மாடிச் சுவருக்குத் தண்ணீர் விட்டாயா என்று கேட்டார். களியைப் பற்றி ஒன்றுமில்லை. சரி, மறுபடியும் தள்ளிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானம் நான் கடையில் சாப்பாட்டு நேரத்தில் இருந்தபோது போன் வந்தது.

"ஏம்மா, காந்தல் வீடியோ போட்டியா?"

"பாத்தீங்களா?"

"இப்பதான் வந்துச்சு. உன்னுதுன்னு தெரியல. உங்க வீட்ல இது யாருக்குன்னு கேட்டுச்சா, எனக்குத்தான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். பக்கத்து கட்டில்காரன் முழிச்சிக்கினான். அப்புறம்தான் அந்தக் கையப் பாத்தேன். கரண்டியப் பாத்தேன். அட, நம்ம வீடு."

துணிக்கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னும் என்னவோ கேட்க வந்து, நிறுத்தி, பிறகு கேட்டார்.

"அத யாரு தின்னா?"

"யாரும் தின்னல. டப்பால போட்டு மூடி வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். செகண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தேன். அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவர் தள்ளிவிட்டுப் போகவில்லை.