வாழ்த்தின் கடைசி வரி

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். முதுகுக்குப் பின்னால் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் ஷெட் சிறுத்துக்கொண்டே போனது. பஸ் ஏறக் காசு இருந்தது. ஏறத்தான் தோன்றவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கால்தான் வேலை செய்யும்.

யார் மேல் கோபம்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. எந்த ஊரிலும் செருப்புத் தேய்கிற வரை நின்றதில்லை. ஆனால் எனக்கு ஜெர்மன் பேச வரும் — சிரிக்காதீர்கள். போர்வெல் ரிக்கோடு நமீபியா போய் நாலு வருஷம் கிணறு போட்டவன் நான். அங்கே பல பண்ணைகளில் வீட்டுப் பேச்சே ஜெர்மன்தான். எங்கள் ரிக்குக்கு மெக்கானிக்காக வந்த உள்ளூர்க்காரன் டீட்டர். ஒரே கூடாரம். அவன் என்னிடம் ரசம் வைக்கக் கற்றான். நான் அவனிடம் பேசக் கற்றேன். படிக்கவும் வரும். எழுதத்தான் வராது. அதனால் என்ன? போனில் ஜெர்மனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறதே!

ஊர் திரும்பி ஒன்றரை வருஷம். இங்கே மாதத்தில் பாதி நாள் ரிக் சும்மா நிற்கிறது. நானும் அதன் பக்கத்தில் சும்மா நிற்கிறேன். ஷெட்டில்தான் படுக்கை. மறுபடி நமீபியா போக வேண்டும். எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்கு அங்கிருந்து யாராவது கூப்பிட வேண்டும்.

அன்று காலை, எங்களை ரிக்கோடு நமீபியா கூட்டிப்போன முதலாளி செங்கோட்டுவேல் நோட்டில் கிழித்த ஒரு தாளோடு வந்தார்.

“ஏப்பா ராசு, நம்ம டீட்டருக்குப் பெரிய வேலை கெடச்சிருக்குது. தண்ணிக்குக் கெணறு போடற கம்பெனியில சைட் மேனேஜர். வாழ்த்து ஒண்ணு எழுதியிருக்கேன். அவுங்க பாஷையில மாத்திக் குடு. கூட்டாளிக்கு எழுதறாப்பல இருக்கோணும். ஆபீஸ் லெட்டராட்டம் இருக்கப்படாது.”

வாங்கிப் படித்தேன். ‘உயர்திரு டீட்டர் அவர்களுக்கு’ என்று ஆரம்பம். ‘தங்களின் தகுதிக்கும் உழைப்பிற்கும் கிடைத்த பரிசு’ என்று நடு. ‘இறைவன் அருளால் மேன்மேலும் உயர்ந்து…’ என்று கல்யாணப் பத்திரிகை வாசம் வேறு.

“உயர்திரு வேண்டாமுங்க. ‘மென்ஷ், டீட்டர்!’ போதும். ‘அட மனுஷா’ன்னு அர்த்தம்.”

“அட மனுஷாவா? மேனேஜரய்யா அவன்!”

“அங்க மரியாதைக்கு ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’. நேத்து வரைக்கும் டூ சொன்ன ஆளுக்கு இன்னைக்கு ஸீ போட்டா, ‘என்ன, எட்டி நிக்கறாங்க’ன்னு நெனச்சுக்குவானுங்க.”

அப்புறம் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ‘க்ளுக்வுன்ஷ் ட்ஸும் நோயன் ஜாப்’ — புது வேலைக்கு வாழ்த்து. இதிலேயே முக்கால் காரியம் முடிந்தது. ‘குடும்பத்துடன் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்பதற்கு, ‘இஷ் ஃப்ரோய் மிஷ் ரீஸிக் ஃபியூர் டிஷ்’ — உனக்காக எனக்கு ராட்சச சந்தோஷம். கடவுளைக் கழற்றினேன். கூட்டாளியைக் கடவுள் பேரால் ஆசீர்வதித்தால் அங்கே பாதிரியார் பேசுவது போல இருக்கும். அந்த இடத்தில் ‘தொடக்கம் நல்லபடி அமையட்டும்’ என்று ஒரு வரி. தகுதிக்கும் உழைப்பிற்கும், ‘டாஸ் ஹாஸ்ட் டூ டியர் எஷ்ட் ஃபெர்டீன்ட்’ — நிஜமாவே நீ சம்பாதிச்சதுடா இது. சந்திக்கும்போது இதற்காக ஒரு கிளாஸ் தட்டுவோம் என்று முடிப்பு. கையெழுத்து, ‘டைன் வேல்’ — உன் வேல்.

“ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா அஞ்சாறு வரியில முடிச்சுப்புட்டயே! மிச்சத்தத் தின்னுட்டயா?”

“அவுங்களுக்கு இதுவே நீளமுங்க.”

தாளில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. கடைசி வரி.

‘நம்ம ராசு இங்கே சும்மாதான் இருக்கிறான். அங்கே ஏதாவது இடம் இருந்தால் பார்த்துச் செய்யவும்.’

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வளைகாப்புக்குப் போனாலும் சரி, கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் சரி… கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேதான் வந்த விஷயத்தைச் சொல்வோம். அதுவரை பேசியதெல்லாம் முன்னுரை.

“இதை எடுத்தர்லாமுங்க” என்றேன்.

“ஏன்?”

“அவுங்க பழக்கத்துல வாழ்த்துன்னா வாழ்த்து மட்டுந்தானுங்க. அதோட வாலுல ஒரு வேண்டுகோளைக் கட்டினா, முன்னாடி சொன்னது பூராம் தூண்டில் புழுவாட்டம் ஆயிரும். கேக்கறதா இருந்தா ஒரு வாரங்கழிச்சுத் தனியாக் கேக்கோணும்.”

“உம்பேரத்தானப்பா போட்டிருக்கேன்?”

“அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன்.”

நான் சொன்ன விதி தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் விதியை மட்டுமா காப்பாற்றினேன்? கூடாரத்தில் என்னோடு படுத்தவன் மேனேஜர். அவனிடம் நான் ‘சும்மா இருக்கிறவன்’. அந்த வார்த்தையை ஜெர்மனில் சொல்ல என் நாக்கு ஒப்பவில்லை. ரோஷத்துக்கு இலக்கணம் போர்வையாக வாய்த்தது. முதலாளி, “பாஷை தெரிஞ்சவன் நீ. பாத்துச் செய்யி” என்றார். அனுப்பினோம்.

மத்தியானம் சோறு தின்று கை கழுவும்போது பதில் வந்தது. முதலாளி போனை நீட்டினார். நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

‘வேல், நன்றிடா! அழகான ஜெர்மன், ராசுவின் வாசம் அடிக்கிறது’ என்று தொடங்கியிருந்தான். அடுத்தது இதுதான். ‘இத்தனை வருஷம் உங்களோடு இருந்ததில் உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து படிக்கப் பழகிவிட்டேன். வேண்டுகோள் எங்கே என்று தேடினேன். இல்லை! அப்படியானால் எல்லோரும் சௌக்கியம். ராசுவுக்கும் நல்ல வேலை இருக்கிறது போல, மகிழ்ச்சி. கிணறு போட டிரில்லர் ஒருவன் பெயரை இன்று காலைக்குள் தரச் சொன்னார்கள். ராசு நினைவுதான் வந்தது. நன்றாக இருக்கிறவனை ஏன் கிளப்ப வேண்டும் என்று வேறு ஒருவன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.’

இதை நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் எதையும் விடவில்லை, இந்த முறை.

முதலாளி நச்சரித்து என்னையே பேச வைத்தார். “டீட்டர், நான் சும்மாதான் இருக்கிறேன்” என்று போனில் ஜெர்மனில் சொன்னேன். அது பிழையில்லாமல் எழுதிக்கொண்டது. அவன் உடனே பதில் போட்டான். பெயர் எழுதின காகிதம் போய்விட்டதாம், அந்த வேறு ஆளும் ஒத்துக்கொண்டானாம். ‘காலையிலேயே ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டிருந்தான்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், “எனக்கு ஒரு பாஷைதானப்பா தெரியும். ஆனா எதுக்கு எழுதறோம்னு தெரிஞ்சு எழுதுனேன்.”

அதற்கு மேல் அந்த ஷெட்டில் எப்படிப் படுப்பது? பையை எடுத்தேன். “எங்கடா போறே?” என்றார். “வாரேனுங்க” என்றேன். வருவதற்கில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நடந்தேன். இருட்டுகிற நேரத்தில் கால் ஓய்ந்து, பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் படுக்கை.

மறுநாள் விடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை. கேட்டில் ஒரு மேஸ்திரி பல் விளக்கிக்கொண்டிருந்தார். முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்க ஆள் தேவைப்படும் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன்.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“வேல வேணுமுங்க” என்றேன்.

அவர் வாய் நுரையைத் துப்பிவிட்டு, “உள்ள போ சாமி” என்றார். மூன்று வார்த்தை. மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.