பதின்மூன்றாவது படத்தில் மாற்றமில்லை

கோபம் வந்தால் எனக்குக் கையெழுத்து அழகாக வரும். அன்று காலை நான் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

நெடுந்தீவில் மாடு வளர்ப்போர் சங்கமொன்றில் நான் எழுதுவினைஞர். தெற்குப் பக்கத் தரவையில் மாடுகள் மேயும் வெளியொன்றைச் சுற்றி வேலி அடைத்து, உள்ளே சூரிய மின் தகடுகள் வைக்க ஒரு கம்பனி கேட்டிருந்தது. முதல் தடவை வந்தபோது எங்கள் மண்டபச் சுவரில் இருபத்திரண்டு ஸ்லைட் போட்டுக் காட்டினார்கள். சனம் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக நின்றது. மாடு போகும் பாதையை மூடக்கூடாது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் துரவு வேலிக்கு வெளியே இருக்க வேண்டும். கோடையில் அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு துரவில்தான் கிடக்கும். இரண்டுக்கும் அவர்கள் ஓம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பிப் போய், சுவரில் தெரிந்த வரைபடத்தைத் தன் போனில் படம் எடுத்தார். முப்பது மாடு வைத்திருப்பவர். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் அவருடைய பட்டி தெரிந்ததாம், பாரிசில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டுமாம். எங்கள் ஆட்கள் சோற்றுக் கோப்பையையும் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். "அக்கா, மாடுகளையும் வரிசையாய் நிப்பாட்டி எடுத்திருக்கலாம்," என்று நான் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சம்மதக் கடிதத்தில் ஒப்பம் வைக்கும் நாளன்று காலையில்தான் ஸ்லைட்டுகளின் புதிய பிரதி மின்னஞ்சலில் வந்தது. 'சிறு திருத்தங்கள் மட்டும்' என்று மேலே ஒரு வரி. சிறு திருத்தம் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறியது என்றால் எது என்று சொல்ல என்ன கஷ்டம்? கடிதத்திலோ 'இறுதியாகக் காட்டப்பட்ட படங்களின்படி சம்மதிக்கிறோம்' என்று இருந்தது. அப்படியென்றால் பழைய பிரதியில் தந்த வாக்கெல்லாம் காற்றோடு போய்விடும்.

தலைவர் அண்ணை தன் மாடுகளை அவிழ்த்து விட்ட கையோடு வந்து நின்றார்.

"பிள்ளை, என்ன கூடினது, என்ன குறைஞ்சது, எந்த வசனம் மாறினது எண்டு ஒரு தாளில எழுதித் தாரும். உம்மட அபிப்பிராயம் வேண்டாம். மாறினது மட்டும் போதும்."

கம்பனி ஆட்களோடு குறிகட்டுவான் துறையிலிருந்து படகு வர ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. பழையதும் இருபத்திரண்டு, புதியதும் இருபத்திரண்டு. முதலில் இலக்கத்துக்கு இலக்கம் வைத்துப் பார்த்தேன். எட்டு வரை ஒத்துப் போனது. ஒன்பதிலிருந்து வரிசையாக வேறாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது: ஒன்பதாவதாகப் புதிய ஸ்லைட் ஒன்றை நுழைத்திருந்தார்கள், பின்னால் ஒன்றைத் தூக்கியிருந்தார்கள். அதனால் எண்ணிக்கை சரி, இடையில் இருந்ததெல்லாம் ஒரு இலக்கம் தள்ளிப் போயிருந்தது. தலைப்பைப் பார்த்துச் சோடி சேர்த்தேன். பிறகு இரண்டிலும் இருந்த எழுத்து முழுவதையும் தனித்தனியே பிரதி எடுத்து, இரண்டையும் ஒப்பிடும்படி கணினிக்குக் கொடுத்தேன். மாறிய சொற்கள் சிவப்பில் வந்தன.

கூடியது: ஒன்பது, உள்ளூர் ஆட்களுக்குக் காவல் வேலை. குறைந்தது: பழைய பதினேழு, வேலை தொடங்க முன் சங்கத்துக்கு அறிவிப்பார்கள் என்பது. வசனம் மாறியது: பழைய பதினொன்று, புதிய பன்னிரண்டு. 'மாடுகள் செல்லும் பாதை மூடப்படாது' என்றிருந்தது, 'மாடுகள் செல்லும் பாதைக்கு மாற்று வழி ஆராயப்படும்' என்று ஆகியிருந்தது.

அதைப் பிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. அடுத்தது வரைபடம், புதிய பிரதியில் பதின்மூன்று. தலைப்பு அதே, கீழே ஒரு வரி, அதுவும் அதே. சிவப்பு ஒன்றும் இல்லை. 'மாற்றமில்லை' என்று எழுதினேன். தலைவர் அந்தத் தாளில் ஒப்பம் வைத்தார். நான் சங்க முத்திரையைக் குத்தினேன்.

பத்து மணிக்குக் கம்பனி அதிகாரி வந்தார், நல்ல மரியாதையான மனிதர். சனம் கதிரைகளில் நெருக்கி இருந்தது. நான் தாளை வாசித்தேன். பாதை வசனத்துக்கு வந்ததும் மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது.

"அது பிழைதான். பழைய வசனத்தையே திருப்பிப் போடுறம்," என்றார் அதிகாரி. அறிவிப்பு ஸ்லைட்டையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். மறுப்பே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை நிமிர்ந்து இருந்தேன். தலைவர் சம்மதக் கடிதத்தை இழுத்து வைத்துப் பேனையைத் திறந்தார்.

அப்போதுதான் அந்த அக்கா எழும்பினார். அதிகாரி போட்டுக் காட்டிய புதிய வரைபடம் சுவரில் இன்னும் நின்றது.

"ஒருக்கா பொறுங்கோ அண்ணை. துரவு எந்தப் பக்கம்?"

"வெளியில தானே அக்கா," என்றேன் நான்.

அவர் போனை நீட்டிக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார். மகனுக்கு அனுப்பிய அந்தப் படம். அதில் வேலியைக் காட்டும் சிவப்புக் கோடு துரவுக்குக் கிழக்கே நேராக இறங்கியது. சுவரில் இருந்ததிலோ அதே கோடு ஓரிடத்தில் மேற்கே வளைந்து, துரவை உள்ளே எடுத்துக்கொண்டு திரும்பியது.

"பாதை திறந்துதான் கிடக்கும். போற மாடு என்னத்தைக் குடிக்கிறது?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. கோடு படத்துக்குள் இருக்கிறது, எழுத்தில் இல்லை. கணினி எழுத்தைத்தான் ஒப்பிட்டது. நான் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கவேயில்லை.

அதிகாரி எங்கள் தாளைக் கையில் எடுத்தார். "வரைபடம் கொழும்பிலயிருந்து வந்தது, எனக்கும் தெரியாது. ஆனா உங்கட தாளிலேயே மாற்றமில்லை எண்டு இருக்கு. முத்திரையும் குத்தியிருக்கு."

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது. அந்த அக்காவின் முப்பது மாட்டுக்கும் எதிராக, என் அழகான கையெழுத்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஏதாவது சாட்டுச் சொல்ல வாய் உன்னியது. நேரம் காணாது, கணினி காட்டவில்லை. எல்லாம் உண்மைதான். சொல்ல முடியவில்லை.

"அது நான் பாக்காமல் எழுதினது சேர்," என்றேன். "எழுத்தை மட்டும்தான் ஒப்பிட்டனான். படத்தைப் பாக்கேல்லை. பிழை என்னில."

தலைவர் பேனையை மூடினார். "இண்டைக்கு ஒப்பம் வைக்க ஏலாது. பிள்ளை, பழைய தாளைக் கிழியாதையும். புதுசா ஒண்டு எழுதும். பழையதிலயிருந்து என்ன மாறினது எண்டும் அதில எழுதும்."

சனம் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். 'கூடியது: பதின்மூன்றில் வேலிக்கோடு மேற்கே நகர்ந்து துரவு உள்ளே வந்துள்ளது. நீக்கியது: பதின்மூன்றில் மாற்றமில்லை என்ற எழுதுவினைஞரின் கூற்று.' இந்தத் தடவை எழுத்து கோணல் மாணலாக வந்தது.

அதிகாரி இரண்டு தாளின் பிரதியையும் வாங்கிக்கொண்டு பின்னேரப் படகில் போனார்.

மூன்றாவது பிரதி வந்தபோது பாதை வசனமும் அறிவிப்பும் திரும்பியிருந்தன. எழுதி முடித்த தாளை முதலில் அந்த அக்காவிடம்தான் கொடுத்தேன். அவர் நிதானமாக வாசித்தார். பதின்மூன்றுக்கு நேரே 'கோடு பழைய இடத்தில்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது வாசிச்சதோ தங்கச்சி, பாத்ததோ?"

நான் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.